உதவி: சுவரொட்டியை ஐடா முறையில் விமர்சித்தால் "விவரிப்பு" என்று திருப்பித் தருகிறார்கள்

செம்பூர்_செல்வி
அவசரம். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரு சுவரொட்டியை ஐடா முறையில் விமர்சிக்கச் சொன்னார்கள். கவனம், ஆர்வம், ஆசை, செயல் என்று நான்கு தலைப்புப் போட்டு எழுதினேன். படம் கவனத்தை ஈர்க்கிறது, வாசகம் ஆர்வத்தைத் தூண்டுகிறது, "வீட்டுச் சுவை" ஆசையை உண்டாக்குகிறது, தொலைபேசி எண் செயலுக்கு அழைக்கிறது. ஆசிரியை ஓரத்தில் "இது விவரிப்பு, விமர்சனம் அல்ல" என்று எழுதித் திருப்பிவிட்டார். எங்கே தவறு?

தானே_தண்டபாணி
எந்தச் சுவரொட்டி? எதை விற்கிறது? எங்கே ஒட்டியிருக்கிறது? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் நாங்கள் சோழி உருட்டியா பார்ப்பது?

அச்சக_ரவி
எல்லாம் நிறம்தான். சிவப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இருந்தால் கவனம் உறுதி. கவனம் வந்துவிட்டால் மற்ற மூன்றும் தானாக வரும். அதை எழுதுங்கள்.

செம்பூர்_செல்வி
மன்னிக்கவும். டப்பா சாப்பாட்டு விளம்பரம். தனியாகத் தங்கி வேலைக்குப் போகிறவர்களுக்கானது. மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குப் போகும் சந்தில், ஒரு கடைச் சுவரில் இருக்கிறது. ஏ3 தாள். மேலே வாழையிலைச் சாப்பாட்டுப் படம், நடுவில் "முப்பது ஆண்டுகளாக உங்கள் சேவையில், வீட்டுச் சுவை". அடியில் எண்ணும் சிறிய க்யூஆர் கட்டமும். ரவி அண்ணா, பின்னணி சிவப்புதான்.

முல்லுண்ட்_முரளி
முதலாண்டுப் பாடத்தையே புரட்டாமல் கேள்வி கேட்கிறீர்கள். இது எல்மோ லூயிஸ் பெயரில் 1898 முதல் சொல்லப்பட்டுவரும் படிவரிசை. ஒவ்வொரு படியும் அடுத்ததைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ஓர் இழையா?

பத்மா_விளம்பரப்பிரிவு
முரளி சொன்னதில் விஷயம் இருக்கிறது, சொன்ன விதம்தான் சரியில்லை.

செல்வி, ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஏதோ ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். அந்தப் பொருள் தன் வேலையைச் செய்ததா என்று கேட்கவில்லை. அங்கே நடந்து போகிறவனின் கண்ணால் பார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறான், சுவருக்கு இரண்டு மூன்று நொடிதான் தருவான். வாழையிலைப் படத்தில் கண் நிற்கும், சரி. ஆனால் மாட்டுங்காவில் சாப்பாட்டு விளம்பரம் என்றாலே வாழையிலைதான். கண் "சாப்பாடு" என்று வாசித்துவிட்டு நகரும், இந்தக் கடையைப் பிடித்துக்கொள்ளாது. ரவியின் சிவப்பும் அப்படித்தான். பக்கத்துச் சுவரொட்டிகள் வெளிறியிருந்தால் உதவும், எல்லாமே சிவப்பு என்றால் உதவாது.

"முப்பது ஆண்டுகளாக" என்பது கடைக்காரரின் பெருமை. தனியாக இருப்பவனுக்குக் கவலை வேறு: காலையில் ரயிலுக்கு முன் டப்பா வருமா, ஊருக்குப் போகும் நாள்களுக்குக் காசு கழிப்பார்களா? அதில் ஒன்றாவது எழுதியிருந்தால் ஆர்வமும் வரும், ஆசைக்கும் பிடி கிடைக்கும். ஒரே வரி இரண்டு படிக்கும் உழைக்கலாம், நான்கு பெட்டியும் சமமாக நிரம்ப வேண்டியதில்லை.

கடைசியாக எண். ஓர் அங்குல எழுத்தைப் பத்தடியிலிருந்து வசதியாகப் படிக்கலாம் என்பது பலகை எழுதுகிறவர்களின் கணக்கு. உன் சுவரொட்டியில் எண் கால் அங்குலம் என்றால் இரண்டரை அடிக்குள் வர வேண்டும். க்யூஆர் கட்டமும் தன் அகலத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரத்தில்தான் சரியாகப் பிடிக்கும். இரண்டு சென்டிமீட்டர் கட்டத்துக்குச் சுவரோடு மூக்கை ஒட்ட வேண்டும். சங்கிலி எங்கே அறுகிறது என்று காட்டு, அதைத் தைக்க ஒரு மாற்றம் சொல். அளவெடுத்துப் பார்த்துவிட்டு எழுது.

கல்யாண்_இட்லிமாவு
நானும் மாவு வியாபாரம் செய்கிறேன். இதே மாதிரி ஏ3 அடிக்க எவ்வளவு ஆகும்?

தானே_தண்டபாணி
பத்மா அக்கா, பசித்தவனுக்கு ஆசை முன்பே இருக்கிறதே. அவன் கவனத்திலிருந்து ஏன் தொடங்க வேண்டும்? இந்தப் படிவரிசையே பொய் என்கிறேன்.

முல்லுண்ட்_முரளி
பொய் இல்லை. திரும்பத் திரும்ப வாங்கும் மலிவுப் பொருள்களுக்குத்தான் பொருந்தாது. ஏற்கெனவே வாங்குகிறவனுக்கு விளம்பரம் நினைவூட்டத்தான் என்று ஆண்ட்ரூ எரன்பெர்க் 1974-இலேயே எழுதிவிட்டார்.

தானே_தண்டபாணி
டப்பா தினமும் வாங்குவதுதானே?

பத்மா_விளம்பரப்பிரிவு
தினமும் சாப்பிடுவது, ஆனால் மாதம் ஒருமுறை பணம் கட்டிச் சேர்வது. புதிதாகச் சேர்கிறவனை நோக்கிய தாள் என்றால் நான்கு படியும் கேட்கலாம். உங்கள் பசி வாதத்தை நான் முழுதாகத் தள்ளவில்லை.

அச்சக_ரவி
இட்லிமாவு, எத்தனை பிரதி வேண்டும்?

செம்பூர்_செல்வி
நேரில் போய் அளந்தேன். எண் கால் அங்குலம்கூட இல்லை. அதன் முன்னால் பால் கூடைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், கடைசி மூன்று இலக்கம் தெரியவில்லை. செயல் பகுதியை முதலில் வைத்துத் திருப்பி எழுதினேன். கொடுத்தாகிவிட்டது.