கொடுக்காத பயிற்சிக்குக் கடைசிச் சம்பளத்தில் பிடித்தம்: என் அனுபவம்

இரவுப் பணியாள்

நான் ஒரு சேவை மையத்தில் 14 மாதம் வேலை பார்த்து விலகினேன். சேரும்போது போட்ட பாண்டில், ஆறு வாரப் பயிற்சி தருவோம், 24 மாதத்துக்குள் விலகினால் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகையைத் திருப்ப வேண்டும் என்று இருந்தது. பின்னால் ஓர் இணைப்புத் தாள்: வெளியிலிருந்து பயிற்றுநர் வருவார், நெட்வொர்க் பாடம் நடக்கும், கடைசியில் சான்றிதழ்த் தேர்வு இருக்கும் என்றது. மூன்றாம் நாளே என்னை இரவுப் பணியில் உட்கார வைத்தார்கள். பயிற்றுநரை நான் கண்ணாலும் பார்க்கவில்லை.

இறுதிக் கணக்கில் கடைசி மாதச் சம்பளமும் எடுக்காத விடுப்புக்கான பணமும் வரவில் இருந்தன. எதிரே ‘பயிற்சிச் செலவு மீட்பு’ என்று ஒரு வரி. அது எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, நான் இன்னும் பாக்கி தர வேண்டும் என்றது.

முதலில் தொலைபேசியில் சண்டை போட்டேன். அதில் பயனில்லை, பேசியதற்குத் தடயமும் இல்லை. பிறகு எழுதினேன். பாண்டைப் பற்றி வாதாடாமல் நான்கு கேள்விகள் மட்டும் கேட்டேன்: எந்தப் பயிற்சி, எந்தத் தேதிகளில், யார் நடத்தினார், யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?

பதிலாக ஒரு வருகைத் தாள் வந்தது. என் கையெழுத்துதான். ஆனால் அது முதல் இரண்டு நாள் நடந்த அறிமுகக் கூட்டம். தீ விபத்து நேர்ந்தால் எந்தக் கதவு, விடுப்புக்கு யாரிடம் கேட்பது, அவ்வளவுதான். மீதி நாட்களை ‘பணியிடப் பயிற்சி’ என்றார்கள். அந்த ஆறு வாரத்துக்கான பணிப்பட்டியல் என் கைபேசிக்கு வந்திருந்தது. சம்பளச் சீட்டில் இரவுப் பணிப் படியும் இருந்தது. பயிற்சியில் இருந்தவனுக்கு எதற்கு முழு இரவுப் பணி என்று கேட்டு இரண்டையும் அனுப்பினேன்.

மூன்றாம் மாடி

பாண்டு என்பதே செல்லாது. யாரையும் கட்டி வைத்து வேலை வாங்க முடியாது. நீங்கள் பதிலே எழுதியிருக்க வேண்டாம்.

பழைய கணக்காளர்

பாதிதான் சரி. வேலையில் இருக்கும்படி கட்டாயப்படுத்த முடியாதுதான். ஆனால் உண்மையாகச் செலவு செய்து பயிற்சி கொடுத்திருந்தால், அதில் நியாயமான பங்கைக் கேட்கப் பல நாடுகளில் இடமுண்டு. நான் சம்பளப் பிரிவில் இருந்தபோது இந்த வரியை எத்தனையோ முறை தட்டச்சு செய்திருக்கிறேன். பயிற்சிக்கான பில்லை இணைக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. பாண்டில் உள்ள தொகை அப்படியே கணக்கில் ஏறும், அவ்வளவுதான். அதனால்தான் இவர் கேட்ட நான்காவது கேள்வி வலிக்கும்.

இன்னொன்று. நிறுவனத்துக்குப் பணம் வர வேண்டும் என்பது ஒரு விஷயம். அதைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளலாமா என்பது வேறு விஷயம். பிடித்தத்துக்கு எழுத்து மூலம் சம்மதித்திருக்கிறீர்களா என்று பாண்டை மறுபடி படியுங்கள். சம்மதித்திருந்தாலும் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு உங்கள் ஊர்ச் சட்டத்தில் வரம்பு இருக்கக்கூடும்.

செவிலியர்

எனக்கு முன்னறிவிப்புக் காலம் முடிக்கவில்லை என்று ஒரு மாதச் சம்பளம் பிடித்தார்கள். அதற்கும் இதே நான்கு கேள்விகளைக் கேட்கலாமா?

பழைய கணக்காளர்

அது வேறு கணக்கு, அம்மா. அங்கே பயிற்சி என்ற பேச்சே இல்லை; எத்தனை நாள் குறைந்தது என்பதுதான் கேள்வி.

சோதனைக்கூடக்காரன்

என் கதை நேர் எதிர். எட்டு வாரப் பயிற்சியில் ஐந்து வாரம் உண்மையாகவே நடந்தது. நானோ பயிற்சியே இல்லை என்று எழுதிவிட்டேன். அவர்கள் தேர்வுத் தாளை எடுத்து நீட்டினார்கள். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் நம்பவில்லை. நடந்ததை ஒப்புக்கொண்டு, நடக்காத மூன்று வாரத்தையும், 24 மாதத்தில் 18 மாதம் வேலை செய்ததையும் கழிக்கச் சொல்லியிருந்தால் தொகை நன்றாகக் குறைந்திருக்கும்.

இரவுப் பணியாள்

நானும் அதை யோசித்தேன். 14 மாதம் போக மீதி 10 மாதத்துக்கு என்று கணக்குப் போட்டால் 24-இல் 10 பங்கு. ஆனால் அதை நானே முன்வைத்தால் பயிற்சி நடந்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். சரியா தவறா என்று இன்னும் தெரியவில்லை.

நடுவில் ஒரு தாளை நீட்டினார்கள். ‘எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை’ என்று கையெழுத்திட்டால்தான் பணி விடுவிப்புக் கடிதம் தருவார்களாம். கடிதம் இல்லாமல் புதிய இடத்தில் சேர முடியாது. ‘பயிற்சிப் பிடித்தத்தை ஏற்கவில்லை’ என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதித் தேதி போட்டுப் படமும் எடுத்துக்கொண்டேன். வாங்கியவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன் என்று நாள் குறித்து எழுதிய பிறகு, ஏழாவது வாரத்தில் சம்பளம் வந்தது. விடுப்புப் பணம் வரவில்லை. ‘பரிசீலனையில்’ என்கிறார்கள். மனுவை எழுதி வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

மூன்றாம் மாடி

அந்தப் பணிப்பட்டியலை அலுவலக மின்னஞ்சலில் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இரவுப் பணியாள்

கடைசி நாள் மாலையே என் மின்னஞ்சல் கணக்கை மூடிவிட்டார்கள். கையில் வருகைத் தாள் மட்டும்தான் இருந்திருக்கும், அதுவும் அவர்களுடையது.