முன்பள்ளிப் பெற்றோர் குழு: வெள்ளிக்கிழமை ஐஸ் மேசை

நிர்மலா: டீச்சர், ஐஸ் உருகிறதைப் பிள்ளைகள் தாங்களாவே பார்ப்பினம். திரும்ப உறையிறதை எப்பிடிக் காட்டுறது? வகுப்பில பிரிட்ஜ் இல்லையே.

சுகந்தி டீச்சர்: உப்பு இருந்தாக் காணும். ஒரு கிலோ ஐஸைச் சாக்கில சுத்தி நல்லா நொறுக்கி, பேசினில போட்டு 300 கிராம் உப்பைக் கலந்துவிடுங்கோ. சின்ன சிப் பையில 3 மேசைக்கரண்டி தண்ணி விட்டு, காத்தை வெளியேத்தி மூடி, தட்டையா நடுவில புதைச்சிடுங்கோ. 15, 20 நிமிஷத்தில கட்டியாயிடும்.

கந்தையா மாமா: கொட்பேப் பக்கம் மீன் ஐஸ் எடுக்கலாம் பிள்ளை. மிச்சத்தில பிள்ளைகளுக்குச் சர்பத்தும் கரைக்கலாம்.

சுகந்தி டீச்சர்: பேசினுக்கு அது நல்லம் மாமா. வாயில வைக்க வேண்டாம். பிள்ளைகள் தொடுற ஐஸைக் கொதிச்சாறின தண்ணியில, யோகட் கப்பில உறைய வைச்சுக் கொண்டுவாங்கோ. சின்னக் கட்டி தொண்டையில சிக்கும்.

ரிஸ்வான்: உப்புப் போட்டா ஐஸ் கெதியா உருகுமே. உப்பு சூடாக்குது எண்டுதானே அர்த்தம்?

சுகந்தி டீச்சர்: கெதியா உருகிறது சரி தம்பி, ஆனா சூடாக்கிறேல்ல. உப்புத்தண்ணி பூச்சியம் பாகையில உறையாது, அதால ஐஸ் உருகிக்கொண்டே போகும். அதுக்கு வேண்டிய சூட்டைச் சுத்தியிருக்கிறதிலயிருந்து இழுக்கும். பேசின் −10 பாகைக்குக் கீழயும் போகலாம், பைக்குள்ள இருக்கிற தண்ணி உறையிறது அதாலதான்.

நிர்மலா: ஒருக்காச் செய்து பார்த்தன், பை கூழாத்தான் இருந்தது.

சுகந்தி டீச்சர்: ஐஸ் பெரிய கட்டியா இருந்திருக்கும், இல்லாட்டி உப்புத்தண்ணி பைக்குள்ள போயிருக்கும். மூடினதும் தலைகீழாப் பிடிச்சுப் பாருங்கோ, ஒரு சொட்டும் வரக்கூடாது. சீனி, பால் கலந்தாலும் இறுகச் சுணங்கும்.

பாத்திமா: மகனுக்குக் கையில எக்ஸிமா. உப்பு பட்டா எரியுமே டீச்சர்?

சுகந்தி டீச்சர்: எரியும். எக்ஸிமா இல்லாத பிள்ளையும் அந்தப் பேசினுக்குள்ள கை விடக்கூடாது, உப்பு ஐஸ் தோலைப் புண்ணாக்கும். பையைப் பெரியாக்கள் எடுத்து, கழுவித் துடைச்சுக் குடுக்கவேணும். மகனுக்கு வேற மேசை வைப்பம்: ஒரே அளவு ஐஸ் ரெண்டு, ஒண்டு சில்வர் தட்டில, மற்றது கம்பளித் துணியில சுத்தி. எது முதல் உருகும் எண்டு கேளுங்கோ. கனபேர் துணியைத்தான் சொல்லுவினம், சூடான துணி எண்டு. விரிச்சுப் பார்க்கேக்க ஐஸ் அப்பிடியே இருக்கும்.

ரிஸ்வான்: சில்வர் டம்ளருக்கு வெளியில தண்ணி வருமே, ஒழுகுது எண்டு சொல்லுவாங்கள்.

சுகந்தி டீச்சர்: உள்ளுக்குச் சிவப்பு ஐஸ் போடுங்கோ. வெளித்துளியை வெள்ளை டிசுவால துடைச்சா சிவப்பு ஒட்டாது, அப்ப அது உள்ளயிருந்து வரேல்ல. அதுக்குள்ள உப்புப் போட்டுக் கிளறினா துளிக்குப் பதிலா வெள்ளைப் பனி படியும். பேசினிலயும் அந்தப் பனி படிஞ்சால் பையைப் புதைக்கலாம்.

நிர்மலா: அப்ப ஆவி? கொதிதண்ணி கிட்டக் கொண்டுபோகப் பயமா இருக்கு.

ரிஸ்வான்: சிலேட்டை நனைச்சு வெயிலில வைப்பம்.

சுகந்தி டீச்சர்: காயிறது தெரியும் தம்பி, ஆவி கண்ணுக்குத் தெரியாதே. 4 வயசுக்கு அதை எப்பிடிக் காட்டலாம் எண்டு யோசிக்கிறன், ஆருக்கும் வழி தெரிஞ்சாச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமைக்குப் பேசின் ஆர் கொண்டுவாறியள்?