விளம்பரப் பணமும் நம் கட்டணமும்: ஒரே பில்லா, தனித்தனியா?

புதுக்கணக்கு: சின்ன வியாபாரிகள் சிலருக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓட்டித் தருகிறேன். விளம்பரச் செலவையும் என் கட்டணத்தையும் சேர்த்து ஒரே தொகையாக வாங்கலாமா, பிரித்து வாங்க வேண்டுமா? மாதக் கடைசியில் ரிப்போர்ட்டில் என்ன காட்டுவது?

ஓடைக்கரை: ஒரே தொகைதான் நல்லது. பிரித்துக் காட்டினால் அடுத்த நிமிடமே "விளம்பரத்துக்கு இவ்வளவுதான் போகிறதா, உங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்று பேரம் ஆரம்பமாகிவிடும். அவருக்கு வேண்டியது விற்பனை. அதை எவ்வளவு செலவில் கொண்டுவருகிறோம் என்பது நம் தொழில்.

தராசு: ஒரே தொகை வாங்கினால் விளம்பரத்துக்குப் போடாமல் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு காசும் நம் பைக்கு வருகிறது. நீங்கள் நேர்மையானவராகவே இருங்கள், விற்பனை சரிந்த மாதத்தில் வாடிக்கையாளருக்கு அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும், அதைத் தீர்க்க உங்களிடம் காகிதம் எதுவும் இருக்காது. பிசினஸ் கணக்கும் விளம்பரக் கணக்கும் அவர் பெயரில் இருக்கட்டும், அவருடைய கார்டே இணைந்திருக்கட்டும், நமக்குப் பார்ட்னர் அனுமதி மட்டும் போதும். கணக்கிலேயே மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு போட்டுவிட்டால் அவரும் நிம்மதியாக இருப்பார். கணக்கு நம் பெயரில் இருந்தால் அவர் வேறு ஆளிடம் போகும்போது இதுவரை ஓடிய விளம்பரங்களின் வரலாறும், சேர்த்து வைத்த ஆடியன்ஸ் பட்டியலும் நம்மிடமே தங்கிவிடும். அது அவர் காசில் உருவானது.

ஓடைக்கரை: காகிதத்தில் அழகாக இருக்கிறது. அவர் கார்டில் பணம் போகாமல் நடுராத்திரியில் விளம்பரம் நின்றால் திட்டு வாங்குவது யார்?

தராசு: அது நிஜமான சிக்கல்தான். அப்படிப்பட்டவரிடம் விளம்பரப் பணத்தை முன்பணமாக வாங்குங்கள், ஆனால் பில்லில் தனி வரியாக எழுதுங்கள். மாதக் கடைசியில் தளம் தருகிற ரசீதை இணைத்து, மிச்சத்தை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்லுங்கள் அல்லது திருப்பிக் கொடுங்கள். நம் கார்டில் முதலில் போட்டுவிட்டு அப்புறம் வசூலிக்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள், அது வட்டியில்லாக் கடன்.

கடைசிபெஞ்ச்: நான் தினசரி பட்ஜெட் 500 வைத்தேன், ஒரு நாள் 700க்கு மேல் எடுத்துவிட்டார்கள். இதுவும் இந்தப் பிரச்சினைதானே? யாரிடம் புகார் செய்வது?

தராசு: இது வேறு. தினசரி பட்ஜெட் என்பது சராசரி. நல்ல வாய்ப்பு தெரிகிற நாளில் கூட எடுப்பார்கள், வாரக் கணக்கில் 7 மடங்கைத் தாண்டாது. வாடிக்கையாளரிடம் இதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நீலவானம்: பணத்தைப் பிரிப்பதில் தராசு பக்கம்தான் நான். ஆனால் ரிப்போர்ட்டில் இரண்டையும் மறுபடி சேர்க்க வேண்டும் என்பேன், இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. ஓர் உதாரணம்: விளம்பரத்துக்கு 20,000, நம் கட்டணம் 8,000. விளம்பரத்தைத் தொட்டதும் தளத்துக்குள்ளேயே திறக்கிற இன்ஸ்டன்ட் ஃபார்மில் 80 பேர் விவரம் கொடுத்தார்கள், ஆளுக்கு 250. திரையில் பார்க்க அருமையாக இருக்கும். கூப்பிட்டுப் பார்த்தால் பலர் போனையே எடுக்க மாட்டார்கள், சிலருக்கு ஃபார்ம் நிரப்பியதே நினைவிருக்காது, பெயரும் எண்ணும் தானாக நிரம்பிவிடுவதால் வருகிற வினை அது. கடைசியில் வாங்கியது 8 பேர். விளம்பரச் செலவை மட்டும் பார்த்தால் ஒரு விற்பனைக்கு 2,500, கட்டணத்தையும் சேர்த்தால் 3,500. அவருக்கு ஒரு விற்பனையில் நிற்பது 3,000 என்றால் முதல் கணக்கில் லாபம், இரண்டாவதில் நட்டம். அவர் வாழ்வது இரண்டாவது கணக்கில்தான்.

ஓடைக்கரை: இது அநியாயம். புது விளம்பரத் தொகுப்பை யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று கற்றுக்கொள்ளத் தளமே வாரத்துக்கு 50 முடிவுகள் அளவுக்குக் கேட்கிறது, சின்ன பட்ஜெட்டில் முதல் மாதம் அதை எட்டவே முடியாது. அந்த மாதத்தை வைத்து நட்டக் கணக்கு எழுதிக் கொடுத்தால் அவர் அன்றைக்கே நிறுத்திவிடுவார்.

நீலவானம்: அந்தக் காரணத்தை ரிப்போர்ட்டில் எழுதுங்கள், எண்ணை மறைக்காதீர்கள். இரண்டு வரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இன்னொன்று, தளம் காட்டுகிற விற்பனை எண்ணை அப்படியே ஒட்டாதீர்கள். வழக்கமான அமைப்பில் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கியவரோடு, விளம்பரத்தைப் பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கியவரையும் அது தன் கணக்கில் சேர்க்கும். எப்படியும் வாங்க இருந்த பழைய வாடிக்கையாளரும் அதில் வருவார்.

ஓடைக்கரை: பார்த்துவிட்டு வாங்கியவர் விளம்பரத்தால் வரவில்லை என்று மட்டும் எப்படிச் சொல்வீர்கள்?

நீலவானம்: சொல்ல முடியாது. அதனால்தான் அந்த எண்ணைத் தனியாகக் காட்டச் சொல்கிறேன்.

புதுக்கணக்கு: பிரித்தே வாங்குகிறேன். ஆனால் வந்த 80 பேரில் யார் வாங்கினார்கள் என்று வாடிக்கையாளர் சொல்வதே இல்லை, கேட்டால் "சுமார்தான்" என்கிறார்.

தராசு: பெயர், கூப்பிட்ட தேதி, என்ன ஆயிற்று என்று மூன்றே கட்டங்கள் உள்ள ஒரு ஷீட்டைப் பகிருங்கள், வாரம் ஒருமுறை நீங்களே போன் போட்டு நிரப்புங்கள். அந்த நேரத்தையும் கட்டணத்தில் சேர்த்துக் கேளுங்கள்.

ஓடைக்கரை: பாருங்கள், கட்டணம் ஏறுகிறது, ஒரு விற்பனைக்கான செலவும் ஏறுகிறது. இதற்கு நீலவானம் பதில் சொல்லட்டும்.