இனம் மனத்தை மாற்றுமா, மனம் இனத்தைத் தேடுமா?

கதிர்முகன்: நான்கு ஆண்டுகளாக வெள்ளிதோறும் எங்கள் தெருவில் நடக்கும் சத்சங்கத்துக்குப் போகிறேன். அறுபது பேர் அமர்கிறோம், ஒருவர் பேசுகிறார், பஜனை முடிந்ததும் சுண்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். என் முன்கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. சேர்க்கை மனத்தை மாற்றும் என்று பெரியோர் எதை வைத்துச் சொன்னார்கள்?

தென்றல்வாசி: பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பது வெறும் பழமொழியன்று. சத்சங்கத்தால் பற்று நீங்கும், பற்று நீங்கினால் மயக்கம் நீங்கும், அதிலிருந்து அசையாத நிலையும் சீவன்முத்தியும் வரும் என்று பஜகோவிந்தம் படிப்படியாகச் சொல்கிறது. தாங்கள் தொடர்ந்து அமர்ந்திருந்தாலே போதும். மற்றவை தாமாக நடக்கும்.

மறுப்பவன்: நான்கு ஆண்டுகளாக அமர்ந்தவரிடம் இன்னும் அமருங்கள் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை உண்மை தலைகீழானது. சாந்தமானவர் சாந்தமானவரைத் தேடிப் போகிறார். குடிப்பவர் குடிப்பவரைத் தேடிப் போகிறார். பிறகு, கூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, கூடியதால்தான் அப்படி ஆனார்கள் என்று நாம் கதை கட்டுகிறோம்.

சுவடிப்பித்தன்: மறுப்பவனின் கேள்வி வள்ளுவருக்கும் எழுந்திருக்கிறது. ‘சிற்றினம் சேராமை’ அதிகாரத்தில், நிலத்தின் இயல்பால் நீர் திரிவதுபோல மாந்தர்க்கு அறிவும் அவர்கள் சேரும் இனத்தின் இயல்பால் ஆகும் என்று முதலில் சொல்கிறார் (452). இரண்டு குறள் தள்ளி, “மனத்து ளதுபோலக் காட்டி ஒருவற்கு இனத்துள தாகும் அறிவு” என்கிறார். இந்தப் ‘போலக் காட்டி’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சேர்க்கையிலிருந்து வந்த எண்ணம் சேர்க்கையின் முகத்தோடு வருவதில்லை. நாமே யோசித்துக் கண்டதுபோல வருகிறது.

என் கதையையே சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது, என் பிரிவில் மற்ற மூவரும் கோப்புக்குக் கோப்பு ‘டீ செலவு’ வாங்குபவர்கள். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மதியச் சாப்பாட்டின்போது அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எட்டாவது மாதம் ஒரு முதியவர் மேசைமேல் ஐம்பது ரூபாயை வைத்தபோது, “கொடுப்பவரே மனமுவந்துதானே கொடுக்கிறார்” என்று தோன்றியது. அது என் சொந்த எண்ணம் என்றே சத்தியமாக நம்பினேன். பிரிவு மாறிய பிறகுதான், அந்த வாக்கியம் எதிர் நாற்காலிக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே வழக்கமாகச் சொல்வது என்பது உறைத்தது. அவரைத் தேடி நான் போகவில்லை, மறுப்பவன். பணியாணைதான் என்னை அங்கே உட்கார வைத்தது.

மலர்க்கொடி: என் வீட்டு வழக்கையும் தீர்த்துவையுங்கள். கணவர் சத்சங்கம் போகத் தொடங்கியதிலிருந்து, என் அம்மாவையும் தங்கையையும் ‘லௌகீகர்கள்’ என்று ஒதுக்குகிறார், விசேஷங்களுக்கும் வருவதில்லை. குடும்பத்தாரோடு பழகுவதைச் சிற்றினச் சேர்க்கை என்று எந்த நூல் சொல்கிறது?

மறுப்பவன்: எந்த நூலும் சொல்லாது, அம்மா. ஆனால் இதையும் சேர்க்கையின் வேலை என்றே சுவடிப்பித்தன் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் மனத்தை வளைக்கும் என்றால், நல்ல கூட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டதும் வளைக்கும்.

சுவடிப்பித்தன்: ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வள்ளுவர் அதற்கு முந்தைய அதிகாரமான ‘பெரியாரைத் துணைக்கோடல்’ பகுதியில் ஓர் அடையாளம் வைத்தார்: இடித்துச் சொல்பவர் இல்லாத மன்னன், கெடுப்பார் இல்லாமலேயே கெடுவான் (448). அரசனுக்குச் சொன்னதுதான், ஆனாலும் பெரியார் என்பவர் இனிக்கப் பேசுபவர் அல்லர், நம் முகத்துக்கு நேரே “நீ செய்தது தவறு” என்று சொல்லும் உரிமையை நம்மிடமிருந்து பெற்றவர் என்பது எவருக்கும் பொருந்தும். மலர்க்கொடியின் கணவரிடம் அந்தக் கூட்டத்தில் யாரேனும் “மாமியாரை ஏன் ஒதுக்குகிறீர்?” என்று கேட்டார்களா?

தென்றல்வாசி: ஞானிகளுக்குமா இடித்துரை? அவர்களுக்குச் சேர்க்கையே தேவையில்லையே.

சுவடிப்பித்தன்: சைவ சித்தாந்தம் அங்கேதான் வேறுபடுகிறது. சிவஞானபோதத்தின் 12-ஆம் சூத்திரம், அதாவது கடைசிச் சூத்திரம், ஆணவம் முதலான மலம் கழுவிய பின்பும் “அன்பரொடு மரீஇ”, அதாவது அடியாரோடு கலந்து, வாழச் சொல்கிறது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது, படிகம் அருகிலுள்ள பூவின் நிறத்தைக் காட்டுவதுபோல. தேறிய பின்பும் அந்த இயல்பு போவதில்லை. ஆகவே எதன் அருகில் இருக்கிறோம் என்ற கேள்வியும் போவதில்லை.

மறுப்பவன்: படிகம் தான் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை, மனிதன் தேர்ந்தெடுக்கிறான். முதல் தேர்வு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

சுவடிப்பித்தன்: சொல்லவில்லைதான். என்னிடம் அதற்கு முழு விடை இல்லை.

கதிர்முகன்: ஒன்று நினைவுக்கு வருகிறது. முதல் ஆண்டில், வாசலில் செருப்பு மாறிப்போனதற்காக ஒரு பையனிடம் கத்தினேன். நான்காம் வரிசையில் அமரும் பெரியவர் ஒருவர், “தம்பி, உள்ளே இப்போது என்ன கேட்டீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து நான் தூணுக்கு அந்தப் பக்கம் அமர்ந்து வருகிறேன்.