முதல் வரைவை எழுதும்போதே திருத்தலாமா?

தொடுவானம்: சிறுகதை எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியையே திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன், கதை நகர மறுக்கிறது. எழுதுவதையும் திருத்துவதையும் அடியோடு பிரித்துவிட வேண்டும் என்கிறார்கள். அது உண்மையிலேயே பயன் தருமா?

வெண்மணல்: தரும், ஆனால் அரைகுறையாகப் பிரித்தால் தராது. திரையை அணைத்துவிட்டோ, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக மாற்றிவிட்டோ தட்டச்சு செய்யுங்கள். எழுதியது கண்ணில் பட்டால்தானே குறை சொல்லத் தோன்றும்? கதை முடியும்வரை ஒரு வரியைக்கூடத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

கரைவேலி: எனக்கு இதில் உடன்பாடில்லை. கதையின் குரல் முதல் வாக்கியத்தில்தான் பிடிபடுகிறது. அந்த வாக்கியம் பொய்யாக இருந்தால் அதன்மீது எழும் இருபது பக்கங்களும் பொய்யாகத்தான் இருக்கும். ஒரு வரி சரியாக அமைந்த பிறகே அடுத்த வரிக்குப் போகிறவர்களும் நல்ல கதைகளை எழுதியிருக்கிறார்கள். மோசமாக எழுத அனுமதி கொடுப்பது எப்படி ஒரு முறையாகும்?

புல்வெளி: ஆய்வேடு எழுதிய காலத்தில் எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஒற்றுப்பிழைகளுக்குச் சிவப்புக் கோடிடும் வசதியை நிறுத்திவிட்டேன், தொல்லை தீர்ந்தது. நீங்களும் அதைச் செய்தால் போதும்.

கீற்று: புல்வெளி அவர்களே, அந்தக் கோட்டை நிறுத்துவது நல்லதுதான். ஆனால் தொடுவானம் தடுமாறுவது எழுத்துப்பிழையில் அல்ல, சொல்தேர்வில்.

வெண்மணல் சொல்வது பாதி சரி. மாணவர்களின் எழுத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் பிரிட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும், மை தீர்ந்த பேனாவால் கார்பன் தாளின்மேல் எழுதி, எழுதியது கண்ணுக்குத் தெரியாத நிலையைச் சோதித்துப் பார்த்தார்கள். எளிய எழுத்தை அப்படிச் சமாளிக்க முடிந்தது. சிந்தனை அடுக்கடுக்காக வளரும் எழுத்திலோ முன்வரியைப் பார்க்காமல் அவர்களால் தொடர முடியவில்லை. ஆகவே, பிரிக்க வேண்டியது வாசிப்பை அல்ல, மாற்றுவதை. கடைசிப் பத்தியை வாசித்துவிட்டு மேலே எழுதுங்கள்; அதில் கைவைக்காதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அப்பா இறந்தபின் வீட்டை விற்க வரும் மகளின் கதை என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி, "கதவைத் திறந்ததும் பழைய வாசனை வந்தது." 'பழைய' என்ற சொல் தட்டையாக இருக்கிறது என்று உள்ளே இருக்கும் விமர்சகர் சொல்கிறார், அது சரியும்கூட. ஆனால் அந்த நேரத்தில் அதைத் திருத்த வழியே இல்லை. அப்பா வீட்டிலேயே வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர் என்பது மூன்றாம் காட்சியை எழுதும்போதுதான் உங்களுக்கே தெரியவருகிறது. அது ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் புகையின் வாசனை என்பது அதன்பிறகே புலப்படும். முதல் நாளே அந்த வரியோடு மல்லுக்கட்டியிருந்தால் 'மக்கிய', 'மங்கிய' என்று அகராதியைத்தான் புரட்டியிருப்பீர்கள். எனவே வரியின் அருகில் [என்ன வாசனை?] என்று சதுர அடைப்பில் எழுதிவிட்டு நகருங்கள். கதைக்குள் அந்தக் குறி வேறெங்கும் வராது என்பதால், பிறகு தேடினால் எல்லா ஐயங்களும் ஒரே மூச்சில் கிடைத்துவிடும்.

கரைவேலி: வாசனை ஒரு சொல், அதைத் தள்ளிப்போடலாம். கதையை மகளே சொல்லக் கூடாது, வெளியிலிருந்து சொல்ல வேண்டும் என்று நாலாம் பக்கத்தில் தோன்றினால்? அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு, தவறு என்று தெரிந்த குரலிலேயே தொடர்வீர்களா?

கீற்று: இல்லை. [இங்கிருந்து படர்க்கை] என்று குறித்துவிட்டு, முதல் நாலு பக்கங்களும் ஏற்கெனவே மாறிவிட்டன என்று கொண்டு ஐந்தாம் பக்கத்தைப் புதிய குரலில் எழுதுவேன். பின்னோக்கிப் போய் மாற்றத் தொடங்கினால், ஒருவேளை தூக்கியெறிய வேண்டிய காட்சிகளையும் மெருகேற்றிக்கொண்டிருப்பேன். மெருகேறிய பத்தியை வெட்ட மனம் வராது.

உங்கள் கேள்வியில் இருக்கும் எச்சரிக்கையை ஏற்கிறேன். [ஏன் விற்கிறாள்?] என்ற ஒரே ஐயம் மூன்று இடங்களில் வந்துவிட்டால் அது வாக்கியக் குறை அல்ல, கதையின் காரணமே இன்னும் கிடைக்கவில்லை. அப்போது வரைவை நிறுத்திவிட்டு யோசிக்கத்தான் வேண்டும்.

வெண்மணல்: திரும்பி வாசித்தால் கை தானாக மாற்றத் தொடங்கிவிடுகிறதே! அதனால்தான் திரையை அணைக்கச் சொன்னேன்.

கீற்று: அப்படிப்பட்டவர்கள் வரைவைத் தாளில் பேனாவால் எழுதிப் பார்க்கலாம். அடித்துத் திருத்துவதற்குத் தாளில் இடம் குறைவு, வாசிக்கத் தடையில்லை.

கரைவேலி: உரைநடைக் கதைக்கு இதை ஏற்கிறேன். கவிதைக்கு ஏற்க மாட்டேன். அங்கே ஒரு சொல்லின் ஓசைதான் அடுத்த சொல்லைக் கொண்டுவருகிறது, 'பிறகு பார்க்கலாம்' என்று விட்ட இடத்தில் அடுத்த வரியே பிறப்பதில்லை.

கீற்று: நாலைந்து வரிக் கவிதையில் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நெடுங்கவிதைக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொடுவானம்: என் முதல் பத்தியில் ஐந்து அடைப்புகள் போட்டுவிட்டு இரண்டாம் காட்சிக்குப் போய்விட்டேன். அவற்றில் இரண்டு ஒரே கேள்வி: அவன் யாருக்காகக் காத்திருக்கிறான் என்பது. மூன்றாவது முறை வரும்வரை எழுதட்டுமா, இப்போதே நிறுத்தட்டுமா?

கீற்று: இரண்டாம் காட்சியை முடியுங்கள். அவன் அங்கே யாரிடமாவது பேசுகிறானா?