டூயிட்நவ் திரையில் என் முழுப் பெயர் வருவதற்கு முன்னால்

செந்தூல் மல்லி

நான் திருநங்கை என்பதை, பழக ஆரம்பித்திருக்கும் ஒருவரிடம் மூன்று மாதம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது சந்திப்பிலேயே கணக்கு குலைந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, 46 ரிங்கிட், நான்தான் கட்டினேன். "பாதியை டூயிட்நவ் பண்றேன், உங்க நம்பர்தான் இருக்கே" என்று அவர் போனை எடுத்தார். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நம்பரைப் போட்டதும், பணம் போகும் முன்பே, வங்கியில் இருக்கும் முழுப் பெயர் அவர் திரையில் வரும். என் வங்கிக் கணக்கில் இருப்பது ஐசி பெயர், அடையாள அட்டையில் உள்ளது. பழைய பெயர், நடுவில் மகன் என்று காட்டும் A/L, அப்புறம் அப்பா பெயர். மலாய்க்காரர்களுக்கு பின், பிந்தி மாதிரி நமக்கு இந்த இரண்டெழுத்து.

"அடுத்த தடவை நீங்க கட்டுங்க" என்று சிரித்துச் சமாளித்தேன். அவரும் போனை உள்ளே வைத்துவிட்டார். ஆனால் இது எத்தனை நாளைக்கு?

அடுத்த சனிக்கிழமை மாலை 4 மணிக்கு என்யூ சென்ட்ரலுக்கு வரச் சொன்னேன். அவர் காரில் ஏறவில்லை, எல்ஆர்டியில் போனேன். என் தோழி இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள், எங்களைத் தெரியாத மாதிரி. சொல்ல வேண்டியதை முந்தின நாளே பேசிப் பார்த்திருந்தேன்: "நான் பிறந்தப்போ ஆண்னு பதிஞ்சாங்க. பத்து வருஷமா பெண்ணாத்தான் வாழறேன். ஐசி இன்னும் மாறல. நமக்குள்ள வேற எதுவும் நடக்கறதுக்கு முன்னால நீங்க தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன்." அவ்வளவுதான்.

அவர் ஸ்ட்ராவின் காகித உறையைக் கிழித்துக்கொண்டே இருந்தார். மேசை முழுக்கத் துணுக்கு. பிறகு ஆபரேஷன் பற்றிக் கேட்டார். "அது இன்னைக்குப் பேசற விஷயம் இல்ல" என்றேன். "கொஞ்சம் டைம் குடுங்க" என்று எழுந்து போனார். ஐந்து நாள் சத்தமே இல்லை. ஆறாவது நாள் கூப்பிட்டு, "எங்க அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றார். "எதுவும் சொல்ல வேண்டாம். சொல்றதா இருந்தா என்னைக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன். சரி என்றார்.

நீங்கள் எல்லாம் எப்போது சொன்னீர்கள்? மூன்றாவது சந்திப்பு சீக்கிரமா?

ராஜி அக்கா, ஈப்போ ரோடு

மல்லி, நாளை எண்ணாதேம்மா. ஐசி முதலில் எங்கே வெளியே வரும் என்று பார். ஹோட்டல் கவுன்டரில் கேட்பார்கள். அவர் கொண்டோவில் இருந்தால் கார்ட் ஹவுஸில் கேட்பார்கள். ராத்திரி ரோட் பிளாக்கில் கேட்பார்கள். பெயரை விரலால் மறைத்தாலும் நம்பரின் கடைசி இலக்கம் இருக்கிறதே, ஒற்றைப்படை ஆண், இரட்டைப்படை பெண். நம் நாட்டில் அது எல்லாருக்கும் தெரியும். இந்த இடங்களில் எதற்காவது அவனோடு போகும் முன் சொல்லிவிடு. தனியறைக்குப் போகும் முன் கண்டிப்பாக. அதற்கும் முன்னால் சொல்ல யாருக்கும் கடன்படவில்லை, டீ குடிக்க வந்தவனிடம் எல்லாம் வரலாறு சொல்ல வேண்டியதில்லை.

நான் காரில் சொன்னவள். காராக் ஹைவே, இரவு பத்து மணி இருக்கும், மழை நின்றிருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவன் நல்ல குஷியில் இருந்தான், இதுதான் நேரம் என்று நினைத்தேன். அவன் எதுவும் பேசாமல் எமர்ஜென்சி லேனில் நிறுத்தி "இறங்கு" என்றான். பை பின் சீட்டில். போன் கையில் இருந்தது, அது புண்ணியம். ஹீல்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, லாரி வரும்போதெல்லாம் தடுப்புக் கம்பியோடு ஒட்டி நின்றேன். தோழி வந்து சேர ஐம்பது நிமிடம். அடிக்கவில்லையே என்று அன்றைக்கு அவனுக்கு நன்றிகூடச் சொல்லிக்கொண்டேன் மனதுக்குள், பைத்தியக்காரி.

ஓடுகிற வண்டியில் சொல்லாதீர்கள். அவன் வீட்டிலும் வேண்டாம், உங்கள் வீட்டிலும் வேண்டாம். உங்கள் வீடு அவனுக்குத் தெரிந்துவிட்டால் நாளைக்கும் அங்கேதான் நிற்பான்.

நீல வண்டி

ஆபரேஷன் முடிந்தால் கோர்ட்டில் மனு போட்டு ஐசியை மாற்றலாமே? 2005ல் கோலாலம்பூரில் ஒருவருக்குக் கிடைத்தது என்று படித்தேன். மாற்றிவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணமும் பதியலாம்.

ராஜி அக்கா, ஈப்போ ரோடு

2005 தீர்ப்பு உண்மைதான் தம்பி. ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. 2016ல் ஒரு திருநம்பிக்கு உயர் நீதிமன்றம் சாதகமாகச் சொன்னது, அடுத்த வருஷமே மேல்முறையீட்டில் அது ரத்தாகிவிட்டது. நம்மைப் போன்ற முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இருக்கும் 1976 திருமணச் சட்டத்தில், ஒருவர் ஆண் ஒருவர் பெண் என்று இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது. ஐசியில் ஆண் என்றிருக்கும் மல்லி, ஒரு ஆணோடு போய்ப் பதிய முடியாது. கோயிலில் தாலி கட்டலாம், பத்திரம் வராது. கல்யாணக் கனவோடு வருகிறவனிடம் இதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் நாளே வேண்டாம், அவன் கல்யாணப் பேச்சை எடுக்கும் நாளில்.

பட்டர்வொர்த் குமார்

நான் மறுபக்கத்து ஆள், அதனால் திட்டாமல் கேளுங்கள். எனக்கு அவள் ஏழு மாதம் கழித்துச் சொன்னாள். அவள் திருநங்கை என்பது எனக்குப் பெரிய விஷயமாக இல்லை. ஏழு மாதமும் ஃபெர்ரியில் வரும்போதெல்லாம் பள்ளிக்கூடக் கதை சொல்வாள், பெண்கள் பள்ளி, ஹாஸ்டல், தோழிகள். எல்லாம் கற்பனை. அதுதான் வலித்தது. சொல்லாமல் இருந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது, கதை கட்டியதை இன்றுவரை முடியவில்லை. பிரிந்துவிட்டோம்.

ஜெலுத்தோங் தம்பி

குமார் அண்ணே, எந்தப் பள்ளி என்று நீங்கள் கேட்டிருப்பீர்களே? கேட்டால் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும். நான் திருநம்பி, என் ஐசியில் மகள் என்று A/P. யாராவது பள்ளி பற்றிக் கேட்டால் "பினாங்குதான்" என்று நிறுத்திவிடுவேன். பொய்யும் இல்லை, முழுசும் இல்லை.

என் தவறு வேறு. நேரில் பயம் என்று வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பினேன், பழைய படம் ஒன்றும் சேர்த்து. அவள் கோபப்படவில்லை. ஆனால் ஆலோசனை கேட்கிறேன் என்று ஸ்கிரீன்ஷாட்டைத் தன் அக்காவுக்கு அனுப்பினாள். இரண்டே நாளில் அது என் வேலையிடத்து குரூப்பில் இருந்தது. தூரத்தில் இருந்து சொல்வதென்றால் போனில் பேசிவிடுங்கள்.

கவிதா77

எனக்கும் இதே நிலைமைதான் மல்லி. விவாகரத்து ஆனதை ஆறு மாதம் மறைத்தேன். அவர் புரிந்துகொண்டார். மனசுவிட்டுப் பேசினால் எல்லாரும் புரிந்துகொள்வார்கள்.

ராஜி அக்கா, ஈப்போ ரோடு

நல்ல மனசுதான் கவிதா. ஆனால் விவாகரத்து ஆனவள் என்று யாரும் உன்னை ஹைவேயில் இறக்கிவிட மாட்டார்கள்.

பட்டர்வொர்த் குமார்

தம்பி, ஆமாம், நான்தான் கேட்டேன். பல தடவை கேட்டிருக்கிறேன்.

செந்தூல் மல்லி

அக்கா, கல்யாணப் பதிவு விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்று மத்தியானம் வேலையில் இருந்தபோது போன் அடித்தது. வங்கி அறிவிப்பு. 23 ரிங்கிட், அவரிடமிருந்து. பெயரைப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார். குறிப்பு போடும் இடத்தில் "மல்லி சாப்பாடு" என்று எழுதியிருந்தது.