ஐந்து வருடக் காலம் முடியுமுன் ஆடிட்டரை மாற்றிய அனுபவம்

பேட்டை கணக்கர்:
எங்களுடையது குடும்பத்துக்குள் நடக்கும் பிரைவேட் லிமிடெட், நவீன அரிசி ஆலை. 2022 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒரு ஆடிட்டரை ஐந்து வருடத்துக்கு நியமித்திருந்தோம், 2027 கூட்டம் முடியும் வரை. 2024-இல் முதலாளி மகன் பொறுப்புக்கு வந்தார். வந்ததும் மதுரையில் தனக்குத் தெரிந்த நிறுவனத்துக்கு ஆடிட்டை மாற்ற வேண்டும் என்றார். முதலாளியும், "போர்டுல ஒரு தீர்மானம் போட்டு லெட்டர் அனுப்பிரு, முடிஞ்சது" என்று சொல்லிவிட்டார்.

முடியவில்லை. காலம் முடியுமுன் நாமாக நீக்குவதென்றால் சென்னையில் இருக்கும் மண்டல இயக்குநரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். போர்டு தீர்மானம் போட்ட 30 நாளுக்குள் அந்த அனுமதிக்கான ADT-2 விண்ணப்பம் போட வேண்டும். அனுமதி கிடைத்தபின் 60 நாளுக்குள் பொதுக்கூட்டம் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். நடுவில் ஆடிட்டர் தரப்பையும் கேட்பார்கள். நீக்கக் காரணம் என்ன என்று கம்பெனி செக்ரட்டரி கேட்டார். சின்ன முதலாளிக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர எங்களிடம் எழுத ஒன்றும் இல்லை. சரி, அவரையே ராஜினாமா செய்யச் சொல்வோம் என்று முதலாளி பழத்தட்டோடு ஆடிட்டர் வீட்டுக்குப் போனார், நானும் கூடப் போனேன்.

அவர் கோபப்படவில்லை. "எழுதித் தாரேன். ரெண்டு வருசப் பீஸ் பாக்கி இருக்கு, அதைக் கொடுத்திருங்க. காரணத்தை மட்டும் நான்தான் எழுதுவேன்" என்றார். ராஜினாமா செய்யும் ஆடிட்டர் 30 நாளுக்குள் காரணத்தோடு ADT-3 என்ற ராஜினாமாப் படிவத்தைத் தாமே தாக்கல் செய்ய வேண்டும். "சொந்தக் காரணம்னு போட்டிருங்க அண்ணாச்சி" என்று முதலாளி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவர் அசையவில்லை. மார்ச் மாதம் பேங்குக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் இருப்பு 4.10 கோடி, புத்தகத்தில் 3.65 கோடி. 45 லட்ச வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை என்று எழுதிவிட்டார்.

வள்ளியூர் ஸ்பின்னிங்:
பழைய ஆடிட்டர் என்.ஓ.சி. கொடுக்காவிட்டால் புது ஆடிட்டர் கையெழுத்தே போட முடியாது. எங்கள் பழையவர் பதில் போடாமலே இழுத்தடித்தார். நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தோம். உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

தென்காசி சி.ஏ.:
வள்ளியூர் அண்ணாச்சி, காத்திருக்க அவசியமே இல்லை. பொறுப்பை ஏற்கும் முன் பழையவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் விதி. அவருடைய சம்மதம் வாங்க வேண்டும் என்று இல்லை. கிடைத்ததற்கு ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பி, நியாயமான அவகாசம் கொடுத்தும் பதில் வரவில்லை என்றால் மேற்கொண்டு போகலாம். அந்த ஒப்புகையைக் கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்வோம். நாளைக்குப் புகார் வந்தால் காட்ட அதுதான் இருக்கிறது.

நிஜமாகவே தடுப்பது பீஸ் பாக்கிதான். தகராறில்லாத ஆடிட் பீஸ் நிலுவையில் இருந்தால் இன்னொரு சி.ஏ. அந்த வேலையை ஏற்கக் கூடாது. இரு தரப்பும் கையெழுத்திட்ட கணக்கில் ஆடிட் பீஸ் கொடுக்க வேண்டியதாகக் காட்டியிருந்தால் அது தகராறில்லாததுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு "வேலை சரியில்லை, அதனால் தரவில்லை" என்று பிறகு சொல்ல முடியாது. நலிந்த நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

வண்ணார்பேட்டை பாத்திரக்கடை:
எனக்கும் இதே பிரச்சினைதான். கடை என் பேரில் இருக்கிறது, வருமானவரி ஆடிட் உண்டு. ஆடிட்டரை மாற்ற நானும் ADT-3 போட வேண்டுமா? பழையவர் என் பில் புத்தகங்களைத் திருப்பித் தர மாட்டேன் என்கிறார்.

தென்காசி சி.ஏ.:
வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் படிவங்கள் கம்பெனிகளுக்குத்தான். நீங்கள் வருமானவரித் தளத்தில் புது ஆடிட்டரைச் சேர்த்து, படிவத்தை அவருக்கு ஒதுக்கினால் போதும். பழையவருக்கு அவர் கடிதம் எழுத வேண்டியது மட்டும் உங்களுக்கும் உண்டு. பில் புத்தகம் உங்கள் சொத்து, எழுதிக் கேளுங்கள். அவர் தயாரித்த சரிபார்ப்புத் தாள்கள் அவருடையவை, அவற்றைக் கேட்காதீர்கள்.

பேட்டை கணக்கர்:
மீதியையும் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா ஜூலை 8. போர்டு ஜூலை 22-இல் கூடி மதுரைக்காரர்களை நியமித்தது. இதற்கு 30 நாள்தான் கெடு. ராஜினாமாவால் வந்த காலியிடம் என்பதால் போர்டு நியமித்தது மட்டும் போதாது. மூன்று மாதத்துக்குள் உறுப்பினர்கள் பொதுக்கூட்டத்தில் ஒப்புதல் தர வேண்டும். ஆகஸ்ட் 17-இல் அசாதாரணக் கூட்டம் கூட்டி அதையும் முடித்தோம். நியமனத்தைத் தெரிவிக்கும் ADT-1 படிவம் போட உட்கார்ந்தால், காலியிடத்துக்கான நியமனம் என்று தேர்ந்தெடுத்ததும் பழையவரின் ADT-3-க்கு உரிய SRN என்ற தாக்கல் எண்ணைக் கேட்டது. அவர் தாக்கல் செய்திருந்ததால் தப்பித்தோம். காலியிடத்தில் வந்தவருக்கு அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் முடியும் வரைதான் பதவி. ஆகவே செப்டம்பர் 28 கூட்டத்தில் ஐந்து வருடத்துக்கு மறுபடி நியமித்து, 15 நாளுக்குள் இன்னொரு ADT-1.

மதுரைக்காரர்கள் வந்து முதலில் கேட்டதே அந்த 45 லட்சத்தைத்தான். ஆரம்ப இருப்பு சரியா என்று பார்க்காமல் அவர்கள் கையெழுத்துப் போட மாட்டார்களாம். கிடங்குப் பதிவேட்டை மூட்டை மூட்டையாகப் பிரித்துப் பார்த்ததில், கூலி அரவைக்கு வந்திருந்த அடுத்தவர் நெல்லையும் எங்கள் இருப்பாகச் சேர்த்து பேங்குக்கு எழுதியிருந்தது தெரிந்தது. இருப்பை வைத்து நாங்கள் எடுக்கக்கூடிய கடன் அளவான டிராயிங் பவரை பேங்க் குறைத்துவிட்டது. ஆடிட்டரை மாற்றினால் கேள்வி கேட்க ஆள் இருக்காது என்று சின்ன முதலாளி நினைத்திருப்பார் போல!

வள்ளியூர் ஸ்பின்னிங்:
நல்லவேளை, குறிப்பிட்ட வருடத்துக்குப்பின் ஆடிட்டரைக் கட்டாயம் மாற்றும் ரொட்டேஷன் நமக்கெல்லாம் கிடையாது. அது பங்குச் சந்தைக் கம்பெனிகளுக்குத்தானே.

தென்காசி சி.ஏ.:
அப்படிச் சொல்லிவிட முடியாது. செலுத்திய மூலதனம் 50 கோடி ஆகிவிட்டால் பிரைவேட் லிமிடெட்டுக்கும் உண்டு. மூலதனம் குறைவாக இருந்தாலும் பேங்க், நிதி நிறுவனக் கடன் 50 கோடியைத் தொட்டால் உண்டு. ஸ்பின்னிங் மில் என்கிறீர்கள், டேர்ம் லோனையும் கேஷ் கிரெடிட்டையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ரொட்டேஷனுக்குள் வந்தால் தனி ஆடிட்டருக்கு ஐந்து வருடம், நிறுவனத்துக்குப் பத்து வருடம். அதன்பின் ஐந்து வருட இடைவெளி.

பாளை சி.எஸ்.:
பேட்டை சார், ஆகஸ்ட் கூட்டம் வீண் செலவு. ஜூலை 22-இலிருந்து மூன்று மாதத்துக்குள்தானே செப்டம்பர் 28 வருகிறது? ஆண்டுப் பொதுக்கூட்டமும் பொதுக்கூட்டம்தான். ஒப்புதல், புது நியமனம் இரண்டையும் அங்கேயே வைத்திருக்கலாம்.

தென்காசி சி.ஏ.:
எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கூட்டத்தில் வைக்கும் கணக்கில் ஆடிட்டர் முன்னதாகவே கையெழுத்திட்டிருப்பார். அப்போது அவருக்கு உறுப்பினர் ஒப்புதல் இருக்காது. ஒப்புதல் கிடைக்கும் அதே கூட்டம் முடியும்போது அவர் பதவியும் முடிகிறது. நான் கையெழுத்துப் போடுவதென்றால் முன்கூட்டியே கூட்டச் சொல்வேன்.

பாளை சி.எஸ்.:
சட்டம் மூன்று மாதம் கொடுத்திருக்கிறது. அதுவரை போர்டு நியமனம் செல்லும் என்றுதான் நான் படிக்கிறேன். அப்படிச் செய்த கம்பெனிகள் என் கையிலேயே இருக்கின்றன, இதுவரை யாரும் கேள்வி எழுப்பவில்லை.

தென்காசி சி.ஏ.:
எழுப்பவில்லை என்பதற்காகச் சரி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பங்குதாரர் ஐந்தாறு பேர் இருக்கும் குடும்பக் கம்பெனியில் சம்மதக் கடிதம் வாங்கிக் குறுகிய அறிவிப்பில் கூட்டினால் என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?